பெயருக்குள் ஒரு ஜாதகம்

ஜோசியரிடம் போனால் அவர் முதலில் மூன்று விஷயம் கேட்பார். பெயர் என்ன, எப்போது பிறந்தீர்கள், எந்த ஊரில் பிறந்தீர்கள்? இந்த மூன்றும் இல்லாமல் அவரால் கட்டம் போட முடியாது. நீங்களோ, யாரும் கேட்காமலேயே மூன்றையும் சேர்த்து எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டு இன்டர்நெட்டில் ஊர்வலம் வருகிறீர்கள்.

உங்கள் யூசர்நேமைத்தான் சொல்கிறேன்.

ஏதாவது ஒரு சினிமா பாட்டு வீடியோவின் கீழே இருக்கும் கமென்ட்களைப் புரட்டிப் பாருங்கள். பெயர், பக்கத்தில் பிறந்த வருடம், அதன் பக்கத்தில் ஊர். ஊரை நேரடியாகப் போடக் கூச்சப்படுகிறவர்கள் வண்டி நம்பரைப் போடுவார்கள். tn72 என்றால் திருநெல்வேலி, tn47 என்றால் கரூர். இன்னும் சிலர் எஸ்.டி.டி. கோடு. 0452 மதுரை, 0422 கோவை. வைகை, நொய்யல், அல்வா என்று கவிதையாகப் போடுகிறவர்களும் உண்டு. ஊரை மறைத்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. அல்வா எந்த ஊர் என்று தெரியாத தமிழன் உண்டா?

கேட்டால், "இதுல என்ன சார் இருக்கு? என் பேரு, என் ஊரு. நான் என்ன திருட்டா பண்றேன், மறைக்கறதுக்கு?" என்பார்கள். இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் காட்டமாகவே.

நான் படித்தது பி.காம். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். kavitha1994_karur என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே கட்டிய பெயர். நிஜத்தில் யாருக்காவது இது இருந்தால் அது தற்செயல்.

கவிதா என்று மட்டும் இருந்தால் தமிழ்நாட்டில் எத்தனை கவிதாவோ, கடவுளுக்கே தெரியாது. கரூர் சேர்ந்தால்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கரூர் மாவட்டத்தில் சுமார் 10 லட்சத்து 64 ஆயிரம் பேர். 1994 சேர்ந்தால்? ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று பார்த்தால் சுமாராக 18 ஆயிரம் பேர் தேறுவார்கள். அதில் பெண்கள் பாதி, 9 ஆயிரம். நூறில் ஒருத்திக்குக் கவிதா என்று பெயர் வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 90 பேர்.

கவனியுங்கள். பத்து லட்சத்தில் ஆரம்பித்தோம். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிடுகிற அளவுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பெண் இன்னும் வாயே திறக்கவில்லை.

இப்போது வாயைத் திறக்கிறார். ஏதோ ஒரு விவாதத்தில், "எங்கப்பா பஸ் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கார், எனக்குத் தெரியாதா?" என்று ஒரு வரி எழுதுகிறார். கரூரில் பஸ் பாடி கட்டுவது பெரிய தொழில்தான். ஆனாலும் அந்த 90 கவிதாக்களில் எத்தனை பேருடைய அப்பா பட்டறை முதலாளி? ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பந்தி காலி. ஒரே ஒரு இலைதான் மிச்சம்.

இதில் எந்த ஒரு தகவலும் ரகசியம் இல்லை என்பதைப் பாருங்கள். பெயர் ரகசியமில்லை, வருடம் ரகசியமில்லை, ஊர் ரகசியமில்லை. மூன்றையும் ஒன்றாகக் கட்டும்போதுதான் ஆள் பிடிபடுகிறார். 'தனித்தனியாப் பார்த்தா ஒண்ணுமில்லையே' என்று சமாதானம் சொல்கிறவர்கள் கூட்டல் கணக்கை மறந்துவிட்டவர்கள்.

"சரி சார், யாரு உக்காந்து இவ்வளவு கணக்குப் போடப்போறா?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு நடிகரைக் கிண்டல் செய்துவிட்டீர்கள் என்று கோபமாக இருக்கும் ரசிகர் போடுவார். ஆன்லைனில் வாங்கிய சேலை சாயம் போகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த கடைக்காரர் போடுவார். பதில் அனுப்பாத பெண்ணின் மேல் வன்மம் வைத்திருப்பவன் ராத்திரி பூரா உட்கார்ந்து போடுவான். துப்பறியும் நிபுணர் யாரும் வரவேண்டாம். வெட்டியாக இரண்டு மணி நேரம் இருந்தால் போதும்.

அடுத்து, பிறந்த வருடம். மூன்றிலும் அப்பாவியாகத் தெரிவது இதுதான். ஆனால் நம் நாட்டில் இதற்கு ஒரு விசேஷம் இருக்கிறது.

உங்கள் ஆதார் அட்டையை இணையத்திலிருந்து பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொள்கிறீர்கள். அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில். அதோடு பிறந்த வருடம். ஆதார் ஆணையமே ஒரு உதாரணம் சொல்கிறது: சுரேஷ் குமார், பிறந்தது 1990, பாஸ்வேர்டு SURE1990.

நம் கரூர் கவிதாவின் பாஸ்வேர்டு? KAVI1994. அவருடைய யூசர்நேமை ஒரு முறை படித்தவர் எல்லோருக்கும் தெரியும். பூட்டு போட்டுவிட்டு, சாவியை வாசலில் பெயர்ப்பலகையாக மாட்டியிருக்கிறார்.

நியாயமாகச் சொல்லவேண்டும். சாவி மட்டும் இருந்து பிரயோஜனமில்லை, பெட்டியும் கையில் கிடைக்கவேண்டும். ஆனால் அந்தப் பெட்டி எங்கெல்லாம் கிடக்கிறது? பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு அழிக்காமல் வருகிறோம். வீட்டு புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். லாட்ஜ் கவுன்டரில் இருப்பவரின் செல்போனுக்கு அனுப்புகிறோம். 'பாஸ்வேர்டு இருக்கே, பயமில்லை' என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறோம். பல வங்கிகள் மாதாமாதம் மெயிலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் இதே ஜாதிதான். பெயரின் நான்கு எழுத்தோடு பிறந்த தேதியும் மாதமும். தேதி எப்படித் தெரியும் என்கிறீர்களா? உங்கள் பக்கத்தில் வருடா வருடம் நண்பர்கள் வந்து கேக் படம் போட்டு வாழ்த்துகிறார்களே, போதாதா?

இதில் உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்த பெயரையும் வருடத்தையும் பாஸ்வேர்டு ஆக்கிய புண்ணியவான்களுக்குத்தான் முதல் அடி விழவேண்டும். ஆனால் அவர்கள் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் யூசர்நேமை நீங்கள் இன்றைக்கே மாற்றலாம்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பையன் ஆன்லைனில் கேம்ஸ் விளையாட ஒரு ஐ.டி. கேட்கிறான். அப்பா பெருமையாக அவன் பெயரையும் 2014 என்ற எண்ணையும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கிறார். உலகம் முழுவதும் இருந்து முன்பின் தெரியாதவர்கள் வந்து ஆடும் இடத்தில், 'இங்கே ஒரு சின்னப் பையன் இருக்கிறான்' என்று போர்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் முன்பின் தெரியாதவர் வந்து வயசு கேட்டால் சட்டையைப் பிடிக்கிறோம். இங்கே நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

மூன்றாவதாக, எல்லா இடத்திலும் ஒரே பெயர் வைத்துக்கொள்கிற சோம்பேறித்தனம். இது என்ன செய்யும் என்பதற்கு நிஜக் கதை ஒன்று இருக்கிறது.

ஆல்ஃபாபே என்று ஒரு கள்ளச் சந்தை. போதை மருந்து, திருட்டு அடையாள அட்டை எல்லாம் விற்கிற ரகசிய இணையதளம். அதை நடத்தியவர் கனடாக்காரர், அலெக்சாண்டர் காசஸ். தன் அடையாளத்தை மறைக்கத் தெரிந்த கில்லாடி. ஆனால் 2014 டிசம்பரில், அவருடைய தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன வரவேற்பு மெயிலின் தலைப்பகுதிக் குறிப்புகளில் அவருடைய சொந்த மெயில் முகவரியும் சேர்ந்து போய்விட்டது. அந்த முகவரியின் முன்பாதி, Pimp_Alex_91.

அலெக்ஸ் என்பது பெயர். 91 என்பது அவர் பிறந்த 1991. அதோடு போகவில்லை. அதே முகவரியை அவர் 2008-இல், ஒரு பிரெஞ்சு கம்ப்யூட்டர் உதவித் தளத்தில், வைரஸை எப்படி நீக்குவது என்று யாருக்கோ யோசனை சொன்னபோது, தன் முழுப்பெயரோடு சேர்த்து எழுதிவைத்திருந்தார். புலனாய்வாளர்கள் அந்த நூலைப் பிடித்து இழுத்தார்கள். 2017 ஜூலையில் பாங்காக்கில் கைது. சில நாட்களில் காவலிலேயே இறந்துபோனார். அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலேயே இந்த விவரமெல்லாம் இருக்கிறது.

குற்றவாளி மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை. நான் காட்டவந்தது அந்த நூலை. பதினாறு, பதினேழு வயதில் விளையாட்டாக வைத்த ஒரு பெயர், ஆறு வருடம் கழித்து வேறு ஒரு இடத்தில் எட்டிப் பார்த்து ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. போலீஸ் பிடித்து இழுத்த அதே நூலை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உங்கள் யூசர்நேமை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு தேடுபொறியில் தட்டினால் போதும். நீங்கள் சமையல் குறிப்பு கேட்ட இடம், பழைய பைக் விற்ற இடம், சர்க்கரை வியாதிக்கு மருந்து விசாரித்த இடம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கரூர் என்று ஒரு இடத்தில், அப்பாவின் பட்டறை என்று இன்னொரு இடத்தில். நீங்கள் தனித்தனியாகச் சொன்னவற்றை அந்த ஒரே பெயர் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருகிறேன். "பேரை மறைக்கிறவன் கோழை. எல்லாரும் சொந்தப் பேர்ல வந்தா இந்த ஆபாசமும் வசையும் நின்னுடும்" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. தென்கொரியா இதை நிஜமாகவே செய்து பார்த்தது. 2007-இல், பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் தங்கள் நிஜ அடையாளத்தைத் தளத்திடம் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதனால் தளங்களில் எல்லாம் ஜனங்களின் நிஜப் பெயரும் அடையாள எண்ணும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. 2011-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் தளங்களில் திருடர்கள் புகுந்து மூன்றரைக் கோடி பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடி! 2012-இல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது.

தவிர, புனைபெயரைக் கோழைத்தனம் என்று தமிழனிடமா சொல்வது? விருத்தாசலம் புதுமைப்பித்தனாக எழுதினார். ரங்கராஜன், மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதாவாக எழுதினார். அந்தப் பெயர்களைப் பார்த்து அவர்கள் பிறந்த வருடத்தையோ ஊரையோ யாராவது சொல்ல முடியுமா? எழுத்துக்கு ஒரு பெயர், ரேஷன் கார்டுக்கு ஒரு பெயர் என்று வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

சரி, எப்படிப் பெயர் கட்டுவது?

முதலில் இடங்களை மூன்று அலமாரியாகப் பிரியுங்கள். வங்கி, அரசாங்கம், வேலை தேடும் தளம் ஆகியவை முதல் அலமாரி. அங்கே சொந்தப் பெயர்தான், வேறு வழியில்லை. சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் இருக்கிற இடம் இரண்டாவது. அங்கே அவர்களுக்குத் தெரிந்த பெயர் இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்கள் வருகிற இடம் மூன்றாவது. நாம் கட்டப்போகும் பெயர் இந்த மூன்றாவது அலமாரிக்கு மட்டும்தான்.

அந்தப் பெயரை உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுக்காதீர்கள். செல்லப் பெயர், தெரு, காலேஜ், குலதெய்வம், குழந்தையின் பெயர், பிடித்த நடிகர், எதுவும் வேண்டாம். இன்ஷியலும் வேண்டாம், அதில் உங்கள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அகராதியைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடை என்று வந்ததா, சரி. இன்னொரு முறை திறங்கள். நங்கூரம். இரண்டையும் சேர்த்தால் salladai_nangooram. சல்லடைக்கும் நங்கூரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதுதான் வேண்டும். ஆணா பெண்ணா, இருபதா அறுபதா, கரூரா கடலூரா, ஒன்றும் தெரியாது. தமிழர் என்பது மட்டும் தெரியும். அதையும் மறைக்க நினைத்தால் ஆங்கிலச் சொற்களை எடுங்கள். zh என்ற எழுத்துக் கூட்டணியைத் தொடாதீர்கள். அது தமிழனின் மச்சம்.

அந்தப் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்றால், அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அவசரத்தில் கை தானாகப் பிறந்த வருடத்துக்குப் போகும். போகவிடாதீர்கள். மூன்றாவதாக ஒரு சொல்லைச் சேருங்கள். எண் கட்டாயம் என்று தளம் அடம் பிடித்தால், தாயக்கட்டையோ பகடையோ மூன்று முறை உருட்டி மூன்று இலக்கமாகப் போடுங்கள். இரண்டு இலக்கமும் நான்கு இலக்கமும் வருடம் மாதிரி இருக்கும், மூன்று இலக்கம் அப்படி இருக்காது. அதற்காக 044 போட்டுவிடாதீர்கள், அது சென்னை.

அடுத்து இரண்டு சோதனை. பெயரைப் பதிவு செய்வதற்கு முன்னால் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். வேறு யாருடையதோ என்றால் விட்டுவிடுங்கள். பிறகு, உங்கள் பெயர் என்று சொல்லாமல் ஒரு நண்பரிடம் காட்டி, "இந்த ஆளுக்கு வயசு என்ன, எந்த ஊரு?" என்று கேளுங்கள். அவர் திருதிருவென்று முழித்தால் பாஸ். இன்னொரு இடத்துக்கு இன்னொரு பெயர். ஞாபகம் இருக்காதே என்று புலம்பவேண்டாம். பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் ஆயிற்று.

ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். புதுப் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பழைய போட்டோவையே வைத்தால் முடிந்தது கதை. மெயில் முகவரியின் முன்பாதியும் யூசர்நேமும் ஒன்றாக இருந்தாலும் அப்படியே. பழைய பெயரை மாற்றினாலும், அந்தப் பெயரைச் சொல்லி மற்றவர்கள் எழுதிய பதில்கள் அங்கேயே கிடக்கும். ஆகவே வசமாக மாட்டிக்கொண்ட பெயரைப் பூசி மெழுகுவதைவிடப் புதுக் கணக்கு தொடங்குவது மேல். அப்புறம், salladai_nangooram என்ற பெயரில் ஒரு பழைய சைக்கிளை விற்றுவிட்டு யூ.பி.ஐ.யில் பணம் வாங்கினால், பணம் போடுகிறவருடைய திரையில் வங்கிக் கணக்கில் இருக்கும் உங்கள் பெயர் பளிச்சென்று வந்து நிற்கும். முகமூடியைக் கழற்றாமல் காசு வாங்க முடியாது. அது மாதிரி நேரத்தில் ரொக்கம் நல்லது.

இன்னொன்று. இது முன்பின் தெரியாதவர்களுக்குப் போடும் திரை, சட்டத்துக்குப் போடும் திரை இல்லை. யாரையாவது மிரட்டினால் எந்த இணைப்பிலிருந்து எழுதினீர்கள் என்று போலீஸ் கண்டுபிடிக்கும். கற்பனைப் பெயர் குற்றமில்லை. ஆனால் நிஜமாக இருக்கும் இன்னொருவராக நடித்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். 'பேரை மறைச்சா பொறுக்கிகளுக்கு வசதி' என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சல்லடை நங்கூரத்தை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பத்திரிகையை வாங்கிய எல்லோருக்கும் அது தெரிந்துபோயிற்று. உங்கள் அகராதியை நீங்களே திறங்கள்.